லோங்காங் குறிப்புகள்: 22 மில்லிமீட்டர்

டிசம்பர் 2

மழை நேற்று இரவு பத்தரைக்கு விட்டது. இப்போது காலை 7.10. தண்ணீர் அப்படியே நிற்கிறது. இங்கே சிங்கப்பூரில் வடிகாலுக்கு லோங்காங் என்று பேர். புளோக்கை ஒட்டிய லோங்காங்கில் மூலையிலிருந்து மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டை.

எடுத்த படங்கள் மூன்று. புளோக் எண்ணும் விளக்குக் கம்ப எண்ணும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி தூரத்தில் நின்று ஒன்று. லோங்காங்கின் நீளம் முழுவதும் தெரிய ஒன்று. ஸ்கேல் வைத்து கிட்டத்தில் ஒன்று: 17 மி.மீ.

டிசம்பர் 3

யாருடைய லோங்காங்? எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது, பாதிப் புகார்கள் வழி தவறுவதும் இங்கேதான். புளோக்கைச் சுற்றி ஓடுவது நகர மன்றத்தின் பொறுப்பு. சாலையோரத்து வடிகாலுக்கு வேறு ஆட்கள்: கட்டமைப்பு பொதுப் பயனீட்டுக் கழகத்தைச் சேரும், துப்புரவு தேசிய சுற்றுப்புற வாரியத்தைச் சேரும். ஒன்சர்வீஸ் செயலியில் போட்டால் உரிய இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் இரண்டும் சேருகிற மூலையில் நிற்கும் தண்ணீரைப் படத்தில் பார்த்து எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? அதை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

மூலையில் தண்ணீர் ஒரு குழாய்க்குள் புகுந்து, நடைபாதைக்கு அடியில் போய், சாலையோர வடிகாலில் விழ வேண்டும். இன்று இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தாயிற்று. சாலைப் பக்கம் வெறும் ஈரம். புளோக் பக்கம் குளம். ஆக அடைப்பு நடுவில், அல்லது குழாயின் வாயில். இரண்டிலும் ஒரே மட்டத்தில் நின்றிருந்தால் கதையே வேறு.

தண்ணீர் நிற்காத சாலை வடிகாலையும் ஒரு படம். இதுதான் நான்காவது. குறையே தெரியாத அந்தப் படத்துக்குத்தான் கடிதத்தில் அதிக வேலை.

டிசம்பர் 4

அனுப்பியாயிற்று. “அடைப்பை நீக்கிச் சுத்தம் செய்யவும்.”

டிசம்பர் 8

பதில் வந்துவிட்டது. சுத்தம் செய்யப்பட்டது, விவகாரம் முடிக்கப்பட்டது. கூடவே ஒரு படம்: பை நிறையத் தூங்குமூஞ்சி இலை. பொடி இலை, கம்பி மூடியின் இடுக்கில் சல்லடையில் மாவு இறங்குவதுபோல் இறங்கிவிடும். பொய்யில்லை, இலை இருந்தது, அள்ளினார்கள்.

தண்ணீர் ஏன் நின்றது என்று அவர்களிடம் கேட்கவில்லையே. சுத்தம் செய்யச் சொன்னோம், செய்தார்கள்.

டிசம்பர் 9

நேற்று மாலை நல்ல மழை. காலையில் அதே மூன்று மீட்டர். இலை ஒன்றுகூட இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது.

17 தப்பு. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் ஐந்து மி.மீ. வெற்று விளிம்பு இருக்கிறது. எஃகு ஸ்கேலில் விளிம்பே பூஜ்யம். கம்பி மூடியைத் தூக்கவில்லை (கனம், விரல் போகும்). இடுக்கு வழியே செங்குத்தாக இறக்கி, டார்ச் அடித்து, அரை மீட்டருக்கு ஒரு தடவை அளந்தது: மேல் கோடியில் 0, நடுவில் 11, குழாய் வாயில் 22.

இந்த வரிசை போதும். தரை உள்வாங்கியிருந்தால் நடுவில் ஆழம் அதிகமாகி இரு பக்கமும் குறைந்திருக்கும். இங்கே குழாயை நோக்கி ஒரே சீராக ஏறுகிறது, மூன்று மீட்டருக்கு 22, அதாவது மீட்டருக்கு ஏழு மி.மீ. சரிவு. கட்டியவர் சரிவைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். வாயில் ஏதோ வரம்பு கட்டினாற்போல் நிற்கிறது, குறைந்தது 22 மி.மீ. உயரத்துக்கு. சரிவு கெட்டிருந்தால் தரையையே மறுபடி பூசிச் சரிசெய்ய வேண்டும், அது மாதக்கணக்கு. வரம்பு என்றால் உளியும் சுத்தியலும் போதும், ஒரு காலை வேலை.

டிசம்பர் 10

துப்புரவுத் தம்பி, புதுக்கோட்டைப் பக்கம். “மேல இருக்கிறத அள்ளிருவேன்ணே. அந்தக் குழா வாய்ல மட்டும் சுரண்டுனா டங்குடங்குங்குது. மண்ணுன்னா அப்படிச் சத்தம் வராதுல்ல?”

வராது. வண்டல் என்றால் கம்பி மெத்தென்று இறங்கும். இது சிமெண்டு. லோங்காங்கின் உட்சுவரில் முழங்கை உயரத்துக்குச் சாம்பல் நிறத் தெறிப்பு காய்ந்திருக்கிறது. யாரோ வீடு புதுப்பித்தபோது கலவை வாளியை இங்கே கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் ஓடிவிட்டது, சிமெண்டு வாயில் தங்கி இறுகிவிட்டது. தெறிப்பும் ஒரு படம், ஐந்தாவது. எந்த வீடு என்று கடிதத்தில் எழுதக்கூடாது. பார்க்காததை எழுதினால் பேச்சு அங்கே போய்விடும், கட்டி இங்கேயே கிடக்கும்.

டிசம்பர் 11

புழு இருக்கிறது.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரிகிறது. நிழல் பட்டதும் சுருண்டு அடிக்குப் போகின்றன, கொஞ்ச நேரத்தில் மூச்சுக்கு மேலே வருகின்றன. நிழற்படத்தில் தூசிபோல்தான் விழும், அதனால் பத்து விநாடி வீடியோ. முட்டை கொசுவாக ஒரு வாரம்போல் ஆகும். இந்த மாதம் இரண்டு மழைக்கு நடுவே லோங்காங் ஒரு தடவைகூடக் காயவில்லை. இதற்குத் தனிப் புகார், தனித் தலைப்பு. அடைப்புக் கடிதத்தின் கடைசி வரியில் கொசுவைச் சேர்த்தால் மருந்து தூவிவிட்டு இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுவார்கள்.

டிசம்பர் 12

இரண்டாவது கடிதம். ஆறு முறை திருத்தியது.

“முந்தைய புகார் எண் இணைக்கப்பட்டுள்ளது. டிசம்பர் 8 அன்று இலைகள் அகற்றப்பட்டன, நன்றி. டிசம்பர் 9 காலை 7.15க்கு, மழை விட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின், அதே இடத்தில் தண்ணீர் நின்றது: குழாய் வாயில் 22 மி.மீ., மூன்று மீட்டர் மேலே 0. சாலையோர வடிகால் காய்ந்திருந்தது. குழாய் வாயில் இறுகிய சிமெண்டு இருப்பதாகத் தெரிகிறது. கோருவது துப்புரவு அல்ல. கட்டியை உளியால் பெயர்த்து, சில்லுகளைக் குழாய்க்குள் தள்ளாமல் வெளியே எடுத்து, நீர் விட்டுச் சோதித்து, சோதனைப் படத்தை அனுப்பவும்.”

படங்களை வரிசை எண்ணிட்டு, எடுத்த நேரத்தை ஒவ்வொன்றுக்கும் கீழே எழுத்தில் போட்டாயிற்று. வாட்ஸ்அப் வழியே போகும் படத்தில் நேரமும் இடமும் உதிர்ந்துவிடும்.

டிசம்பர் 13

சில்லு குழாய்க்குள் போனால்?

டிசம்பர் 16

இடி மழை. மதியம் 2.40க்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டம், சாலை வடிகால் விளிம்பு வரை. நெஞ்சு திக்கென்றது. எழுதியதெல்லாம் தப்பா? கடலோரத் தாழ்நிலத்தில் கடல் ஏற்ற நேரத்தில் பெருமழை பெய்தால் வடிகால் ஒன்றும் அடைக்காமலே நிரம்பும், ஏற்றம் இறங்கினால் தானே வடியும். இங்கே கடல் தூரம். வெறும் மழைவேகம்தான். 3.25க்குச் சாலைப் பக்கம் வடிந்துவிட்டது. புளோக் பக்கம் நின்றது. 22.

மழை பெய்யும்போது எடுத்த படத்தைக் கடிதத்தில் வைக்கவே கூடாது. பெய்யும்போது எல்லா லோங்காங்கும் நிரம்பித்தான் இருக்கும்.

டிசம்பர் 17

தொலைபேசி. அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மேல் கோடியில பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க, அது அளந்ததா?” அளந்தது. “அப்ப தரையத் தொட வேண்டாம்.”

டிசம்பர் 19

9.40. உளிச் சத்தம். தம்பி குழாய்க்குள் ஒரு சாக்கைத் திணித்துவிட்டு உடைக்கிறார். சோப்புக்கட்டி அளவில் நான்கு துண்டு, ஒன்றின் அடியில் தூங்குமூஞ்சி இலையின் அச்சு. வாளித் தண்ணீர் ஊற்றினார்கள், போயிற்று. ஆனால் ஒரு வாளிதான்.

டிசம்பர் 20

வெயில். மழை பெய்யாமல் அளக்க முடியாது.