அறுபது பில்களும் நான்கு வரிகளும்

கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் ஆறு வருடம் கணக்கு பார்த்தேன். பயோடேட்டாவின் தலையில் நான்கு வரிச் சுருக்கம் ஒன்று வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை இங்கே தமிழில் தருகிறேன்: “ஆறு வருட அனுபவமுள்ள கணக்காளர். 180 தொழிலாளர்களின் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, டேலி, ஜிஎஸ்டி ஆகியவற்றில் தேர்ச்சி. கடின உழைப்பாளி, பொறுப்புணர்வு மிக்கவர்.” எந்த வேலைக்கும் இதையே அனுப்புவேன். ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை.

அப்புறம் நாகர்கோவில் பக்கம் மீன்வலை தயாரிக்கும் ஒரு கம்பெனியின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று இருந்தது. அதனால் விளம்பரத்தில் இருந்த வாக்கியங்களையே எடுத்துச் சுருக்கத்தில் வைத்தேன். “உள்ளீட்டு வரி வரவு விடுபடாமல் பார்த்துக்கொள்பவர், ஜிஎஸ்டி தாக்கல்களைத் தனியாகக் கையாளக்கூடியவர்” என்று எழுதி, தக்கலையில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் அக்காவிடம் காட்டினேன். அங்கே ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் பார்ப்பது அவர்தான்.

“மக்கா, இது அவங்க கேட்டது. நீ செஞ்சது எங்க இருக்கு?” என்றார். “இதே வரியோட பத்துப் பேர் அனுப்புவாங்க. நான் படிக்காமலே தள்ளிடுவேன்.”

அன்று மாலை இருவரும் விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்து உட்கார்ந்தோம். அக்கா முதலில் பார்த்தது எது திரும்பத் திரும்ப வருகிறது என்பதை. வேலைப் பொறுப்புகளில் முதல் வரியே சப்ளையர் பில்களை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. தகுதிகளில் ஜிஎஸ்டி தாக்கலுக்குப் பக்கத்தில் ‘கட்டாயம்’ என்று இருந்தது. கடைசியில் மறுபடியும், உள்ளீட்டு வரி வரவு விடுபடக்கூடாது. ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அங்கேதான் அவர்களுக்கு வலி இருக்கிறது என்றார். நான் பெருமையாக முதலில் வைத்திருந்த சம்பளப் பட்டியல், அங்கே ‘தெரிந்திருந்தால் நல்லது’ என்று கடைசியில் கிடந்தது.

அந்த வலி எனக்குப் புரிந்தது. 2022 ஜனவரி முதல், சப்ளையர் தன் விற்பனைத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டி, அதை வைத்து நமக்கு வரும் 2பி பட்டியலில் ஏறிய பில்லுக்குத்தான், கொள்முதலில் நாம் கொடுத்த வரியை வரவாக எடுக்க முடியும். அவர் 11-ஆம் தேதிக்குள் போடாவிட்டால் நம் பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அட்டைப்பெட்டிக்காரர் ஒருவர் எப்போதும் மறப்பார். 9-ஆம் தேதியே அவருக்குப் போன் போட்டுவிடுவேன். 14-ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பதிவோடு ஒப்பிட்டு, வராத பில்களை ஒரு நோட்டில் குறித்து, நாம் வரி கட்டும் தாக்கலான 3பி-யில் அவற்றை விட்டுவிடுவேன். அடுத்த மாதம் வந்ததும் எடுத்துக்கொள்வேன். ஆறு வருடம் செய்த இந்த வேலை என் பயோடேட்டாவில் ‘ஜிஎஸ்டி’ என்ற ஒற்றைச் சொல்லாகக் கிடந்தது.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அக்கா கறாராக இருந்தார். ஜிஎஸ்டிஆர்-3பி, டேலி பிரைம் போன்ற பெயர்களை விளம்பரத்தில் உள்ளபடியே எழுதவேண்டும். பார்ப்பவர் கண் அந்தச் சொற்களைத்தான் தேடும். அவற்றைச் சுற்றி வரும் வினையும் எண்ணிக்கையும் மட்டும் என்னுடையதாக இருக்கவேண்டும். கடைசியில் இப்படி வந்தது:

“முந்திரி ஆலையில் ஆறு வருடமாகக் கணக்கு. மாதம் சுமார் 60 கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிடுகிறேன். தாமதிக்கும் சப்ளையர்களை 11-ஆம் தேதிக்கு முன்பே அழைக்கிறேன். டேலி பிரைமில் தயாரித்து ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் நானே தாக்கல் செய்கிறேன். 180 பேரின் சம்பளப் பட்டியலும் என் பொறுப்பு.”

‘கடின உழைப்பாளி’ போய்விட்டது. சம்பளத்தைத் தூக்கிவிடவில்லை, கடைசி வரிக்கு இறக்கினோம். விளம்பரத்திலும் அதன் இடம் அதுதானே.

ஓர் இடத்தில் மட்டும் தடுமாறினேன். ‘மாத முடிவுக் கணக்கை இறுதி செய்தல்’ என்று விளம்பரம் கேட்டது. ஆலையில் அதை ஆடிட்டர்தான் செய்வார், நான் விவரங்களை எடுத்துக் கொடுப்பேன். சேர்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அக்கா விடவில்லை. “முதல் கேள்வியே அதுல வந்தா என்ன சொல்லுவ?” அந்த வரியைச் சுருக்கத்தில் வைக்கவில்லை, கீழே ஆலை அனுபவத்தில், ‘மாத முடிவுக்கான விவரங்களைத் தயாரித்தல்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அறுபது பில் விஷயத்தையும் அங்கே விரித்து எழுதினேன். மேலே சொன்னது கீழே இல்லாவிட்டால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

பத்தாவது நாள் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அந்த மேனேஜர் என் தாளில் இரண்டாவது வரியைப் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தார். “பில் 2பி-யில் வரவில்லை, சப்ளையர் போனும் எடுக்கவில்லை. அப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, அட்டைப்பெட்டிக்காரரின் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.