முதல் நாள் வீடியோவுக்கு எழுதின ஸ்கிரிப்ட்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனில ஹெச்ஆர்ல இருந்தப்ப, புதுசா சேர்றவங்களுக்குப் போட்டுக் காட்டுற வீடியோவ மாத்தி எழுதித் தரச் சொன்னாங்க. பழசு 14 நிமிஷம். கம்பெனி ஆரம்பிச்ச கதை, எம்டி பேச்சு, வாங்கின அவார்டு, அப்புறம் ரூல்ஸ் எல்லாம் வரிசையா. நான் ஒரு புது பேட்ச்கூட உக்காந்து அதப் பாத்தேன், ஸ்க்ரீன விட்டுட்டு அவங்க முகத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். மூணாவது நிமிஷத்துலயே போன் வெளிய வர ஆரம்பிச்சிடுச்சு. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அட்டெண்டன்ஸ் பஞ்ச் விழலைன்னா யார்கிட்ட சொல்லணும்னு. 11 பேர்ல 2 பேருக்குத்தான் தெரிஞ்சது.

இத்தனைக்கும் வீடியோல அது இருக்கு. "வருகைப் பதிவில் ஏற்படும் குறைபாடுகளை நேர அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்"னு ஒரு குரல் படிக்கும். ஆனா எங்க பிளான்ட்ல நேர அலுவலகம்னு யாருமே சொல்ல மாட்டாங்க, டைம் ஆபீஸ்தான், வாசல்ல போர்டும் அப்படித்தான் இருக்கு. அந்த வரிய "பஞ்ச் விழலையா, அன்னிக்கே டைம் ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுங்க, இல்லன்னா லீவுன்னு விழுந்துரும்"னு மாத்தினேன்.

அதுக்கப்புறம் சேந்து ரெண்டு மாசம் ஆனவங்ககிட்ட போய் உக்காந்து, எது உங்களக் குழப்புச்சுன்னு கேட்டேன். நெறைய பேர் சொன்னது மொத சம்பளம். ஒரு தம்பி, 18,000னு சொல்லி எடுத்தாங்க, கைக்கு 16,425தான் வந்துச்சு, யாரோ புடிச்சிக்கிட்டாங்கன்னு நெனச்சு நாலு நாள் யார்கிட்டயும் கேக்காமலே இருந்தேன்னு சொன்னான். எனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வீடியோவ அங்கதான் ஆரம்பிக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன், கம்பெனி வரலாறு கடைசில ஒரு நிமிஷம் வந்தாப் போதும்.

ஸ்கிரிப்ட ரெண்டு பத்தியாப் பிரிச்சு எழுதினேன், இடது பக்கம் ஸ்க்ரீன்ல என்ன தெரியணும், வலது பக்கம் காதுல என்ன கேக்கணும். மொத சீன் கேன்டீன். "அண்ணா, 18,000ன்னுதானே சொன்னாங்க?"ன்னு ஒரு பையன் பே ஸ்லிப்ப நீட்டுறான், சீனியர் விரல் வச்சு ஒவ்வொரு வரியாக் காட்டுறார். பேசிக், டிஏ சேத்து 12,000, அதுல 12 சதவீதம் பிஎஃப் 1,440. அது உன் பேர்லயே இருக்கு, கம்பெனியும் அதே அளவு போடும், அதுல ஒரு பங்கு பென்ஷனுக்குப் போகும். ஈஎஸ்ஐ மொத்த சம்பளத்துல 0.75 சதவீதம், 135 ரூபா, ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில வைத்தியம் பாக்க.

மொத டிராஃப்ட்ல இது எல்லாத்தையும் அவர் ஒரே மூச்சுல சொல்லிடுவார். படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கேன்டீன்ல நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டினா 1,440 தாண்டி யாரும் பின்னாடி வரல. அதனால ஒரு ஷாட்டுக்கு ஒரு நம்பர்தான், விரல் அந்த வரில இருக்கிறப்ப மட்டும்தான் அந்த நம்பர் காதுல விழணும், அடுத்த வரிக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பையன் ஒரு கேள்வி கேக்கணும். இன்னொன்னு, மனசுக்குள்ள படிச்சு நேரம் கணக்குப் போடக் கூடாது. 40 செகண்ட்னு நெனச்ச சீன் வாய்விட்டுப் படிச்சா 70 வந்துச்சு. தமிழ்ல எனக்கு நிமிஷத்துக்கு 100 வார்த்தைக்குப் பக்கத்துலதான் வந்துச்சு, அத வச்சுத்தான் மீதி சீன் எல்லாத்தையும் வெட்டினேன்.

எங்க ஃபவுண்டரில ஒடிசா, பீகார் ஆளுங்க நெறைய, அதனால ஹிந்தி, ஒடியா குரலும் வேணும். முகத்தக் காட்டிப் பேச வச்சா டப்பிங் வாயோட ஒட்டாது. அதனால பெரும்பாலும் கை, ஸ்லிப், தட்டு, இதத்தான் காட்டினோம், ஸ்க்ரீன்ல எழுத்தும் போடல. பஸ் டைமிங், போன் நம்பர் மாதிரி மாறுற விஷயம் எல்லாம் ஒரு தாள்ல அடிச்சுக் கைல குடுத்துட்டோம், இல்லன்னா ஒரு நம்பர் மாறினாலும் மூணு பாஷைலயும் திருப்பி எடுக்கணும். மெஷின் சேஃப்டி எப்படின்னு வீடியோல சொல்லித் தரல, அது மெஷின் பக்கத்துல நின்னு சூப்பர்வைசர் சொல்லணும், அவர் சொல்லாம வேலைல கை வைக்காதீங்கன்னு மட்டும் வரும்.

கடைசில 6 நிமிஷம் வந்துச்சு. அடுத்த பேட்ச்ல அதே கேள்வியக் கேட்டேன், 12 பேர்ல 9 பேர் டைம் ஆபீஸ்னு சொன்னாங்க. சரி, அது எங்க இருக்குன்னு கேட்டா 4 பேருக்குத்தான் தெரிஞ்சது, ஏன்னா உள்ள இருக்கிற கவுன்ட்டர மட்டும்தான் காட்டியிருந்தோம். கேட்ல இருந்து சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி டைம் ஆபீஸ் கதவு வரைக்கும் நடந்து போற மாதிரி 8 செகண்ட் ஷாட் ஒன்னு எடுத்து சேத்தோம்.