சிவப்பில் இருந்ததெல்லாம் பிழை அல்ல

மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், இன்னொருவர் செய்த கோப்பை ரிவியூ செய்வது என்றால் சிவப்பு நிறத்தில் நிறைய திருத்துவது என்று நினைத்திருந்தேன். எவ்வளவு சிவப்போ அவ்வளவு உழைப்பு. அப்படித்தான் என்னைவிடப் பத்து வருடம் மூத்த ஓர் அக்காவின் கோப்பை நாற்பதுக்கு மேல் திருத்தங்களோடு திருப்பி அனுப்பினேன். வலிப்பு நோய் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற நோயாளிக்கான விளக்கத்தாள் அது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு.

புராஜெக்ட் மேனேஜர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் வகை போட்டு எக்செல்ல கொடுங்க" என்றார். தவறான மொழிபெயர்ப்பு, விடுபடல், சேர்க்கை, நடை என்று நான்கு வகை. பக்கத்துப் பத்தியில் அதன் கடுமை: சிறியதற்கு 1, பெரியதற்கு 5, மிகக் கடுமையானதற்கு 10. இந்தக் கணக்கு லிசா என்ற சர்வதேச அமைப்பின் தர மாதிரியிலிருந்து வந்தது. அமைப்பு 2011-இல் மூடப்பட்டுவிட்டது, அட்டவணை மட்டும் இன்னும் எங்கள் மேசையில் இருக்கிறது. பின்னர் வந்த எம்.கியூ.எம். என்ற வகைப்பாட்டிலும் முதல் மூன்றும் துல்லியம் என்ற தலைப்பின் கீழ் வரும், நடை தனியாக நிற்கும்.

உட்கார்ந்து வகை போட ஆரம்பித்தால், முக்கால்வாசித் திருத்தங்களுக்கு எதைப் போடுவது என்றே தெரியவில்லை. 'உட்கொள்ளவும்' என்பதை 'சாப்பிடவும்' என்று மாற்றியிருந்தேன். 'ஏற்படக்கூடும்' என்பதை 'வரலாம்' ஆக்கியிருந்தேன். எல்லாவற்றையும் 'நடை' என்று தள்ளிவிட்டு மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அவங்க எழுதினதுல எந்த விதி மீறல்? க்ளையன்ட் கொடுத்த நடைக் குறிப்புல இது இருக்கா?" 'சாப்பிடவும்' என்பது குறிப்பில் இருந்தது, ஆகவே அது நின்றது. மற்றவை என் ருசி. ருசிக்கு வகை கிடையாது என்று அழித்தேன். கடைசியில் ஒன்பது மிஞ்சின. ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்தது.

மூலத்தில் இருந்த செய்தி இது: மருத்துவர் சொன்னால் தவிர, இந்த மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம், அதனால்தான் இந்த எச்சரிக்கை. அக்காவின் தமிழ் இப்படி இருந்தது: 'மருத்துவர் சொன்னால் இந்த மருந்தினை நிறுத்த வேண்டாம்.' முதல் வாசிப்பில் நான் அதைக் கடந்தே போய்விட்டேன். வாக்கியம் சுத்தமாக இருந்தது, எழுத்துப் பிழை இல்லை, ஓடியது. அதே வரியில் 'மருந்தினை' என்பதை 'மருந்தை' என்று திருத்தியவன் நான்!

பிறகு அவரிடம் கேட்டபோது நடந்தது தெரிந்தது. முதலில் 'சொன்னாலொழிய நிறுத்த வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தபோது 'ஒழிய' பழைய நெடியடிக்கிறது என்று அழித்தவர், அந்த இடத்தில் 'தவிர' போட மறந்துவிட்டார். நடையைச் சரிசெய்யப் போய்ப் பொருள் தலைகீழாகிவிட்டது.

சரி, இதற்கு என்ன வகை? போனது ஒரே ஒரு சொல், ஆகவே விடுபடல் என்றுதான் முதலில் போட்டேன். மேனேஜர் மறுத்தார். விடுபட்டது என்ன என்று பார்க்காதே, மிச்சமிருப்பது என்ன சொல்கிறது என்று பார் என்றார். மிச்சமிருப்பது மூலம் சொன்னதைக் குறைவாகச் சொன்னால் அது விடுபடல். மூலம் சொல்லாத வேறொன்றைச் சொன்னால் அது தவறான மொழிபெயர்ப்பு. இங்கே மருத்துவரே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே என்று தாள் நோயாளிக்குச் சொல்கிறது. ஆகவே தவறான மொழிபெயர்ப்பு, 10 புள்ளி.

இந்த அளவுகோல் கையில் வந்த பிறகு மற்றவை எளிதாயின. மாத்திரையை உணவோடும் சாப்பிடலாம், உணவு இல்லாமலும் சாப்பிடலாம் என்று மூலம் சொன்ன இடத்துக்கு முந்தைய வரியில், 'தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு' என்று அக்கா எழுதியிருந்தார். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் எழுதி எழுதிப் பழகிய வரி, கை தானாக எழுதிவிட்டது. அது சேர்க்கை. அதே சமயம், 'வேளை' என்பதற்குப் பக்கத்தில் 'காலையும் இரவும்' என்று அவர் சேர்த்திருந்ததை நான் குறிக்கவில்லை. தாளின் இன்னொரு பகுதியில் மூலமே அப்படிச் சொல்கிறது. மூலத்தில் எங்குமே இல்லாத தகவல்தான் சேர்க்கை, தமிழில் புரிய வேண்டி விரித்துச் சொல்வது சேர்க்கையில் வராது.

இழுபறியானது 'மயக்கம்' என்ற சொல்லில்தான். பக்க விளைவுகளில் தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல் என்று இரண்டு இருந்தன. இரண்டையும் சேர்த்து 'மயக்கம் வரலாம்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். ஒன்று போய்விட்டது, விடுபடல் என்றேன்.

"எங்க ஊர்ல மயக்கமா வருதுன்னா தூக்கம் சொக்குறதும்தான், தலை சுத்துறதும்தான். எதை விட்டுட்டேன்னு சொல்ற?" என்றார் அக்கா.

அதில் உண்மை இருந்தது. ஆனால் அந்தக் கோப்பு ஆங்கிலத்துக்குப் பின்பெயர்ப்புக்குப் போயிருந்தது. மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கியதில், நினைவிழந்து விழுவது என்று வந்திருந்தது. மூலத்தில் இல்லாத மூன்றாவது ஒன்று. அதைக் காட்டியதும் அக்கா சிரித்துவிட்டார். ஒரே இடத்துக்கு விடுபடல், தவறு என்று இரண்டு வகை போட்டுப் புள்ளியை இரட்டிப்பாக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தவறான மொழிபெயர்ப்பு என்று ஒன்றாகப் போட்டோம், கடுமை 5. இந்த விளைவு இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது என்று அடுத்த வரி சொல்கிறது. தூக்கம் சொக்குகிறவர், எனக்கு மயக்கம் வரவில்லையே என்று வண்டியை எடுத்துவிடக் கூடாதல்லவா? 'தூக்கக் கலக்கமோ தலைச்சுற்றலோ வரலாம்' என்று மாற்றினார்.

இவ்வளவும் முடிந்து, திருத்திய கோப்பை அக்கா கடைசியாக ஒருமுறை பார்த்தார். மறுநாள் காலை எக்செல் திரும்பி வந்தது. என் ஒன்பது வரிகளுக்குக் கீழே பத்தாவதாக ஒரு வரி. அவர் 'காலையும் இரவும் ஒவ்வொரு மாத்திரை' என்று எழுதியிருந்ததை, வாக்கியம் நீளம் என்று நான் 'காலையும் இரவும் மாத்திரை சாப்பிடவும்' ஆக்கியிருக்கிறேன். எத்தனை மாத்திரை என்பது போய்விட்டது. வகைப் பத்தியில் 'விடுபடல்' என்று போட்டு, கடுமைப் பத்தியை என்னையே நிரப்பச் சொல்லிக் காலியாக விட்டிருந்தார். 10 என்று போட்டு அனுப்பினேன்.