ஒரு அத்தியாயம், பதினான்கு வரி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை எடுத்துக்கொண்டது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பெரிய புத்தகம். எல்லாராலும் எல்லா அத்தியாயத்தையும் படித்துவிட்டு வர முடியாது. அதனால் ஆளுக்கொரு அத்தியாயம், அதற்கு ஒரே ஒரு பத்தி விமர்சனம். கூட்டம் தொடங்கும்போது அதை வாசித்துவிட்டுத்தான் பேச்சு. படிக்காமல் வந்தவருக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், படித்து வந்தவருக்குப் பேச ஏதாவது கிடைக்க வேண்டும். இதுதான் நிபந்தனை.

முதலில் 120 வார்த்தை என்று அளவு வைத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. ‘சொல்லி விட்டார்’ என்று பிரித்தால் இரண்டு, ‘சொல்லிவிட்டார்’ என்று சேர்த்தால் ஒன்று. ஒரு நண்பர் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி எழுதி, முக்கால் பக்கத்தை 120 வார்த்தை என்று நீட்டினார். அதிலிருந்து பதினான்கு வரி என்று மாற்றிவிட்டார்கள். எழுத்தின் அளவையும் சொல்லிவிட்டார்கள், அங்கேயும் யாரும் கைவரிசை காட்டிவிடக் கூடாதே.

எனக்கு வந்தது சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் அத்தியாயம். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். தமிழ் படித்த எல்லாருக்கும் தெரிந்த கதை, அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். மூன்று நாள் ஆனது.

முதல் வரைவு கிட்டத்தட்ட ஒன்றரைப் பக்கம் வந்தது. ஐயர் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது, முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக வந்தது, திருவாவடுதுறை மடத்துச் சுப்பிரமணிய தேசிகர் போய்ப் பார்க்கச் சொன்னது, போனது, பேசியது, திரும்பியது. புத்தகம் போன வழியிலேயே நானும் பின்னால் நடந்து போயிருந்தேன். அதைச் சுருக்குவதற்கு நான் செய்த முதல் காரியம் படு மோசமானது. முற்றுப்புள்ளிகளை எடுத்துவிட்டு எச்சங்களைப் போட்டேன். இப்படி வந்தது:

“அவரைப் பார்க்கச் சென்று, தாம் படித்தவற்றையெல்லாம் சொல்ல, அதைக் கேட்டும் அவர் அசையாமல் இருக்க, ஏமாற்றமடைந்து மேலும் சொல்லிப் பார்த்து, அவர் கேட்ட நூல்களைத் தாம் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, கிடைத்தால் படிப்பேன் என்று கூற, அவரும் தருவதாகச் சொல்ல...”

நம் மொழியில் இந்த வசதி இருக்கிறது. சென்று, சொல்லி, கேட்டு, பார்த்து என்று கோத்துக்கொண்டே போனால் ஒரு அத்தியாயத்தையே ஒரு வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம். இடம் மிச்சமானது உண்மைதான். சத்தமாகப் படித்துப் பார்த்தபோதுதான் இரண்டு கோளாறு தெரிந்தது. ஒன்று, வாசல்படி ஏறியதும் அந்தப் பெரிய கேள்வியைக் கேட்டதும் ஒரே எடையில் ஓடிப் போயின. இரண்டாவது, யார் யார் என்றே தெரியவில்லை. புத்தகத்தில் ஐயர் ‘நான்’, முதலியார் ‘அவர்’, குழப்பமே கிடையாது. நான் படர்க்கைக்கு மாற்றிய உடனே இரண்டு பேரும் ‘அவர்’ ஆகிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் மரியாதை கொடுத்தாக வேண்டும், ஒருவரை ‘அவன்’ ஆக்கித் தப்பிக்க முடியாது. வீட்டில் படித்துக் காட்டியபோது, “யாரு புத்தகம் தர்றதாச் சொன்னது, ஐயரா?” என்று கேட்டார்கள். அன்றே முடிவு செய்தேன்: பத்தி முழுக்க உ.வே.சா., முதலியார் என்று பெயர்தான். பெயர் திரும்பத் திரும்ப வந்தால் காதுக்குக் கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை.

அடுத்த நாள் அத்தியாயத்தை மறுபடி படித்தேன், இந்த முறை பென்சிலோடு. எந்த இடம் போனால் இந்த அத்தியாயமே போய்விடும் என்று மட்டும் தேடினேன். பட்டியல்தான் அது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டதும் ஐயர் அந்தாதிகளில் தொடங்குகிறார். பிறகு பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று ஒவ்வொரு வகையாக எடுத்து விடுகிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், சரக்குக்குக் குறைவில்லை. முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. கடைசியில் “என்ன பிரயோசனம்?” என்று ஒரு கேள்வி. அதன் பிறகும் ஐயர் விடவில்லை. நைடதம் என்று தொடங்கி வேறு நூல்களைச் சொல்லிப் பார்க்கிறார், கம்பராமாயணத்தை இறக்கிப் பார்க்கிறார். அசையவில்லை மனிதர்.

சுருக்குகிற கை முதலில் போய் விழுவது இந்த மாதிரிப் பட்டியல் மேல்தான். நானும் அதை “தாம் கற்ற நூல்களைப் பட்டியலிட்டார்” என்று நான்கே சொல்லில் முடித்திருந்தேன். ஆனால் பட்டியல் நீளமாக இருந்தால்தான் அந்தக் கேள்வி விழும். நூல்களின் பெயர்களை எடுத்துவிட்டு வகைகளை மட்டும் வைத்தேன். ‘பட்டியலிட்டார்’ போய் ‘அடுக்குகிறார்’ வந்தது. அந்த ஒரு வினைச்சொல்லில் நீளமும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது.

மேற்கோளாக ஒன்றே ஒன்றுதான் வைத்தேன், அந்தக் கேள்வி. அதையும் முதலில் நினைவிலிருந்து “என்ன பயன்?” என்று எழுதியிருந்தேன். புத்தகத்தைத் திறந்து பார்த்தால் ‘பிரயோசனம்’. பயன் என்றால் பாடப்புத்தகத்துக் கேள்வி போல இருக்கிறது. பிரயோசனம் என்றால் ஒரு முன்சீப் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்பது காதில் விழுகிறது.

வெட்ட மனமே வராத இடம் ஒன்று உண்டு. முதலியார் மதிக்காததைப் பார்த்து ஐயர், இவர் இங்கிலீஷ் மோகம் பிடித்தவர் போலிருக்கிறது, அதனால்தான் இப்படிக் கேட்கிறார் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார். எவ்வளவு மனுஷத்தனமான நினைப்பு! ஆனால் அதைச் சேர்த்தால் அது தப்பான நினைப்பு என்றும் விளக்க வேண்டும், இரண்டு வரி போய்விடும். கூட்டத்தில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரைவை, இந்த வேலையில் பழகிய ஒரு அக்காவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு இடத்தில் சுழித்துக் கொடுத்தார். முதல் சுழி: “முதலியார் அவமானப்படுத்துகிறார்” என்று எழுதியிருந்தேன். “அவமானப்படுத்தினாருன்னு புத்தகத்துல எங்க இருக்கு? அவர் கேட்கத்தானே செஞ்சார்?” என்றார். தேடிப் பார்த்தேன். ஐயர் ஏமாற்றத்தைத்தான் எழுதியிருக்கிறார். அவமானம் என் சொந்தக் கைச்சரக்கு. விமர்சனத்தில் என் கருத்து வரலாம், ஆனால் அது நடந்த சம்பவம் போல வந்து உட்காரக் கூடாது.

இரண்டாவது சுழி இன்னும் மோசம். முதலியார் “சங்க நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார்” என்று எழுதியிருந்தேன். அவர் கேட்டது சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம். மூன்றுமே காப்பியங்கள். உ.வே.சா. என்றாலே சங்க இலக்கியம் என்று மனதில் ஒட்டிக்கிடக்கிறது, கை தானாக எழுதிவிட்டது. சுருக்கும்போது மூன்று பெயருக்குப் பதில் ஒரு பொதுப்பெயர் போடும் ஆசை வரும், தவறு நுழைவதும் அந்த இடத்தில்தான். மூன்று பெயரையும் அப்படியே போட்டேன். இடம் கொஞ்சம்தான் கூடியது.

கடைசி வரி மிச்சமிருந்தது. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார், அந்தச் சந்திப்பின் பலன்தான் அது என்று முடித்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது பின்னால் வரப்போகும் கதை. இந்த அத்தியாயத்து இளைஞருக்கு அதெல்லாம் தெரியாது, வாசிக்கும் நமக்கும் தெரியாதது போல இருந்தால்தான் சுவை. அந்த வரியைத் தூக்கிவிட்டு, எனக்கு உண்மையிலேயே தோன்றியதை எழுதினேன். கடைசியாகக் கொடுத்தது இது:

“1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அதே வருடம், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் உ.வே.சா. வயது 25. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று உ.வே.சா. அடுக்குகிறார். ‘என்ன பிரயோசனம்?’ என்கிறார் முதலியார். கம்பராமாயணத்தைச் சொல்லியும் முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். உ.வே.சா. மட்டுமல்ல, அவருடைய ஆசிரியரே அவற்றைப் படித்ததில்லை. ஆனாலும் புத்தகம் கிடைத்தால் படித்துவிட முடியும் என்று உ.வே.சா. துணிந்து சொல்கிறார். சிந்தாமணியின் பிரதியைத் தருவதாக முதலியார் சொல்கிறார். ஏறக்குறைய 60 வருடம் கழித்து இதை எழுதும்போது உ.வே.சா. தன் அன்றைய பெருமிதத்தை மறைக்கவில்லை, அந்தப் பட்டியலையும் சுருக்கவில்லை. அதனால் நாமும் அவரோடு சேர்ந்து அடுக்கிவிட்டு, அவரோடு சேர்ந்தே அந்தக் கேள்வியில் முட்டிக்கொள்கிறோம்.”

சரியாகப் பதினான்கு வரி. தேதியை எடுத்திருக்கலாமோ என்று இப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஐயரே கிழமையோடு குறித்து வைத்த நாள் என்பதால் விட்டுவைத்தேன்.

கூட்டத்தில் வாசித்து முடிக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ‘பிரயோசனம்’ வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தியாயத்தைப் படிக்காமல் வந்திருந்த ஒரு தம்பி, “அப்புறம் அந்தப் புத்தகத்தை உண்மையிலேயே கொடுத்தாரா?” என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன். “அது என் பத்தி, நீங்க சொல்லாதீங்க” என்று அடுத்த அத்தியாயத்துக்காரர் தாளைப் பிரித்தார்.