எண் கூடியது, வீக்கம் குறைந்தது: ஓசிடி ரிப்போர்ட்டில் நான் தவறவிட்டது

எம்.எஸ். கண் மருத்துவம் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு நீரிழிவு நோயாளியின் இரண்டு ஓசிடி ரிப்போர்ட்டுகள், அதாவது விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஸ்கேன்கள். ஆண், வயது 56, வலது கண். இரண்டும் சிர்ரஸ் கருவியில் எடுத்தவை. முதலாவதில் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் மைய வட்டத் தடிமன் 438 மைக்ரான். வீக்கத்தைக் குறைக்கக் கண்ணுக்குள் மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டபின் எடுத்த இரண்டாவதில் 452. பார்வை 6/18-லிருந்து 6/12 ஆகியிருந்ததாகக் கேஸ் ஷீட்டில் இருந்தது.

"என்ன முடிவு?" என்றார் தேர்வாளர்.

"ஊசி வேலை செய்யவில்லை சார், ஸ்டீராய்டுக்கு மாற்றலாம்."

"அப்படியென்றால் பார்வை ஏன் கூடியது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் பக்கத்துக் கணினியில் அதே ஸ்கேனைத் திறந்து காட்டியதை இங்கே எழுதுகிறேன்.

சிர்ரஸின் மாக்குலா ஸ்கேன் 6 மி.மீ. சதுரம். அதில் 128 கிடைக்கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் 512 புள்ளிகள். அதன்மேல் 1, 3, 6 மி.மீ. விட்டத்தில் மூன்று வட்டங்களை வைத்து ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கிறது கருவி. நாம் படிக்கும் மைய எண், 1 மி.மீ. வட்டத்துக்குள் இருக்கும் விழித்திரையின் சராசரித் தடிமன் மட்டும்தான். வட்டம் இடம் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

வட்டத்தை எங்கே வைப்பது என்பதற்குக் கருவி மாக்குலாவின் மையமான ஃபோவியாவின் பள்ளத்தைத் தேடும். வீங்கிய கண்ணில் அந்தப் பள்ளமே தூர்ந்து போயிருக்கும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஸ்கேனின் நடுப்புள்ளியிலேயே வட்டத்தை வைத்துவிடும். மையப் பார்வை மங்கிய நோயாளி உள்ளே தெரியும் குறியைச் சரியாகப் பார்க்கவும் மாட்டார். ஆகவே ஸ்கேனின் நடுப்புள்ளி ஃபோவியாவாக இருக்க வேண்டியதில்லை.

இதற்கான தடயம் ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும். இரண்டாவது ரிப்போர்ட்டில் `Fovea: 256, 64` என்று இருந்தது. 512-இலும் 128-இலும் சரிபாதி. இவ்வளவு துல்லியமாக நடுவில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தேர்வாளர் கோடு கோடாக நகர்த்தினார். 64-ஆம் கோட்டில் விழித்திரையின் உள்ளடுக்குகள் எல்லாம் முழுதாக இருந்தன. அது ஃபோவியாவாக இருக்கவே முடியாது. 76-ஆம் கோட்டில்தான் உள்ளடுக்குகள் மெலிந்து, வெளி நியூக்ளியர் அடுக்கு தடித்து நின்றது. பள்ளம் மறைந்த கண்ணில் ஃபோவியாவை இப்படித்தான் அடையாளம் காண வேண்டும்.

12 கோடு தள்ளியிருப்பது பெரிய விஷயமா என்று தோன்றலாம். 6 மி.மீ.-ஐ 128-ஆல் வகுத்தால் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 0.047 மி.மீ. 12 கோடுகள் 0.56 மி.மீ. மைய வட்டத்தின் ஆரமே 0.5 மி.மீ. தான். அதாவது உண்மையான ஃபோவியா மைய வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. 452 என்பது பக்கத்து வீக்கத்தின் தடிமன். இதே 12 முதல் எண்ணான 256-இல் மாறியிருந்தால் விலகல் 0.14 மி.மீ. மட்டுமே. இரண்டு எண்களுக்கும் அளவுகோல் வேறு, இதை மறக்க வேண்டாம்.

வட்டத்தை 76-க்கு நகர்த்தியதும் எண் 361 ஆனது. முதல் ரிப்போர்ட்டில் வட்டம் சரியான இடத்தில்தான் இருந்தது என்பதையும் பார்த்துக்கொண்டோம். 438-லிருந்து 77 மைக்ரான் குறைவு, சுமார் 18 சதவீதம். 10 சதவீதத்துக்கு மேல் மாறினால் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம். பார்வை கூடியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம் இன்னொரு கேள்வி: "361 இன்னும் வீக்கம்தானா?" சிர்ரஸில் ஆணுக்கு 305, பெண்ணுக்கு 290 மைக்ரானைத் தொட்டால் மையத்தை எட்டிய வீக்கம். ஸ்பெக்ட்ராலிஸில் அதே வரம்புகள் 320, 305. அந்தக் கருவி கீழெல்லையை விழித்திரைக்கு அடியிலுள்ள ப்ரூக் சவ்வு வரை கொண்டுபோவதால் அதே கண்ணுக்குக் கூடுதலாகக் காட்டும். ஒரு மாதம் ஒரு கருவியிலும் அடுத்த மாதம் வேறு கருவியிலும் எடுத்துவிட்டு எண்களை நேரடியாகக் கழிக்கக் கூடாது.

எண் சரியென்று தெரிந்த பிறகுதான் குறுக்குவெட்டுப் படத்துக்குப் போக வேண்டும். சிக்னல் 6-க்குக் குறையாமல் இருக்கிறதா, கருவி வரைந்த மேல்கோடும் கீழ்கோடும் விழித்திரையின் ஓரத்திலேயே ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டிக் கசிவுகளின் நிழல் விழும் இடத்தில் கீழ்கோடு தாவிவிடும். இந்த நோயாளிக்குக் கோடுகள் சரியாக இருந்தன. நீர்ப்பைகள் சுருங்கியிருந்தன, ஆனால் ஃபோவியாவுக்குக் கீழே ஒளியுணர் செல்களைக் காட்டும் எலிப்சாய்ட் கோடு சிறிது தூரம் அறுந்திருந்தது. நீர் முழுக்க வற்றினாலும் அந்த இடத்தால் பார்வை 6/6 வராமல் போகலாம். தடிமன் எண்ணில் இது தெரியாது.

இப்போது நான் எழுதும் விடை இப்படி இருக்கும்: "வலது கண், சிர்ரஸ், சிக்னல் 7. வட்டம் 76-ஆம் கோட்டுக்குத் திருத்தப்பட்டது. திருத்திய மையத் தடிமன் 361, முன்பு 438. நீர்ப்பைகள் குறைந்துள்ளன, எலிப்சாய்ட் கோட்டில் இடைவெளி உள்ளது. அதே ஊசியைத் தொடரலாம்."