பத்துக் கோப்புகளும் அறுபது என்ற எண்ணும்

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் நாளின் பெரும்பகுதி தொலைபேசியில்தான் கழிகிறது. சிகிச்சை முடித்துப் போனவர்களின் வீடுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது பேசி, எப்படி இருக்கிறார் என்று கேட்டுக் கோப்பில் குறிக்க வேண்டும். ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்’ என்று செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு மக்கள் நடுங்குகிறார்களே, அந்த எண்ணெல்லாம் இப்படிப்பட்ட விசாரிப்புகளில் பிறந்ததுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவர் என் மேசைக்கு வந்தார். லாரி ஓட்டுகிறவர். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், இரண்டாம் நிலை, பக்கத்துத் திசுவுக்கும் கொஞ்சம் பரவியிருந்தது. மறுநாள் முதல் கதிர்வீச்சுச் சிகிச்சை, எங்கள் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’, தொடங்குவதாக இருந்தது.

“அக்கா, அறுபது சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அம்மா ஐந்து வருஷம்தான் இருப்பார்களா?”

அவர் காட்டிய பக்கம் அமெரிக்கப் பெண்களைப் பற்றியது. அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவியிருந்தவர்களுக்கு அறுபதை ஒட்டிய ஒரு எண் அதில் இருந்தது. அந்தப் பிரிவில் பக்கத்துத் திசுவுக்கு மட்டும் பரவியவர்களும் உண்டு, நெறிக்கட்டிகளுக்குப் பரவியவர்களும் உண்டு. இருவரின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் பட்டியலில் இருவருக்கும் ஒரே வரி.

முதலில் அந்த ‘ஐந்து வருஷம்தான்’ என்ற எண்ணத்தை அகற்ற வேண்டியிருந்தது. ஐந்தாண்டு என்பது கணக்கை நிறுத்திப் பார்க்கும் இடம். நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து ஐந்தாண்டு முடிகிற அன்று உயிரோடு இருந்தவர்கள் நூற்றில் எத்தனை பேர் என்பது மட்டுமே அது. அதற்குப் பிறகு அவர்கள் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும் அந்த எண்ணில் அது தெரியாது. நோய் முழுக்க நீங்கியவரும், மருந்தோடு காலம் தள்ளுகிறவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள்.

பிறகு பழைய படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பத்துக் கோடுகள் இழுத்தேன். ஒரு கோடு ஒரு கோப்பு. முதல் ஆண்டுக்குள் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் மீதி. முதல் ஆண்டு முடிந்ததும் இன்னும் இரண்டு பேரைப் பற்றித் தகவல் நின்றுவிடுகிறது. இரண்டாம் ஆண்டில், தகவல் தெரிந்த ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார். மற்ற ஐந்து பேரும் ஐந்தாண்டைக் கடந்துவிடுகிறார்கள். இப்போது ஐந்தாண்டு விகிதம் என்ன?

தகவல் இல்லாத இருவரும் இறந்துவிட்டதாகக் கொண்டால் பத்துக்கு ஐந்து, ஐம்பது சதவீதம். இருவரும் உயிரோடு இருப்பதாகக் கொண்டால் எழுபது. 1958இல் கப்லான், மேயர் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்று உலகமெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி ஒருவரைப் பற்றித் தகவல் இருக்கும் வரை அவரைக் கணக்கில் வைத்திருந்து, பிறகு விலக்கிவிட வேண்டும். முதல் ஆண்டைக் கடந்தவர்கள் பத்துக்கு எட்டு. அதன் பின் மிஞ்சியவர்கள் ஆறுக்கு ஐந்து. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய அறுபத்தேழு. கோப்புகள் அதே பத்துதான். தகவல் நின்ற இரண்டை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்து எண் ஐம்பதும் ஆகிறது, எழுபதும் ஆகிறது.

இந்த முறைக்கு ஒரு அனுமானம் தேவை. தொடர்பு விட்டுப்போனவர்களும் தொடர்பில் இருப்பவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று அது நம்புகிறது. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சாய்ந்தன. கூலிக்குப் போக மரம் இல்லாத குடும்பங்கள் வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போயின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆண்டுக் கோப்புகளைத்தான் எடுத்து அழைத்துக்கொண்டிருந்தேன். ‘இந்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை’ என்ற குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. அவர்களில் சிலர் திருப்பூரில் நலமாக வேலை செய்துகொண்டிருந்திருக்கலாம். சிலர் இறந்து, அவர்களோடு அந்த சிம் கார்டும் போயிருக்கலாம். கோப்பில் இரண்டு பேருக்கும் ஒரே குறியீடுதான்.

கடலூர் முதுநகர் மீனவர் ஒருவரின் கோப்பும் எனக்கு மறக்காது. வாய்ப் புற்றுநோய் நீங்கி மூன்றாம் ஆண்டில் இருந்தவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்தில் இறந்துபோனார். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பைச் சேர்க்கும் கணக்கில் அவரும் ஒரு இறப்புதான். நோயால் இறந்தவர்களை மட்டும் எடுக்கும் கணக்கு தனியாக உண்டு. எந்தக் கணக்கு என்று செல்போனில் பார்க்கிறவர்கள் கேட்பதில்லை. கேட்கத் தோன்றவும் தோன்றாது.

பையன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியென்றால் அம்மா இதில் எந்தக் கோடு, அக்கா?”

எந்தக் கோடு என்று இந்தத் தாளால் சொல்லவே முடியாது என்றேன். பத்துப் பேரைப் பற்றி அது சரியாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பத்தில் ஒருவர்கூட அறுபத்தேழு சதவீதம் உயிரோடு இல்லை. ஒவ்வொருவரும் முழுதாக இருந்தார், அல்லது இல்லை. கட்டியின் அளவு, நெறிக்கட்டி வீங்கியிருக்கிறதா, சிறுநீரகம் எப்படி, ரத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் வைத்து டாக்டர் கூட்டத்தைச் சிறிதாக்கலாம். அவ்வளவு சிறிய கூட்டத்திலும் ஒருவரைத் தனியாகச் சுட்ட முடியாது. தவிர, ஐந்தாண்டு முடிவு வர வேண்டுமென்றால் அவர்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டுக்கு முன்பே நோய் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய மருந்தும் அன்றைய கருவியும் தந்த பலனைத்தான் நாம் இன்று படிக்கிறோம்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் பல பட்டியல்களில் சேர்ந்தே இருக்கிறார்கள். இந்த நோய்க்கு வெளியிலிருந்து கொடுக்கும் கரண்ட்டையும், பிறகு பிறப்புறுப்பு வழியாகக் கொடுக்கும் உள்கதிரையும் எட்டு வாரத்துக்குள் முடிப்பது முக்கியம். வெளிக்கரண்ட் முடிந்ததும் உதிரப்போக்கு நின்றுவிடும், குணமாகிவிட்டது என்று நினைத்து உள்கதிருக்கு வராமல் போகிறவர்களை நான் அழைத்து அழைத்துக் களைத்திருக்கிறேன். அம்மா அதில் ஒருவராகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். அந்த அம்மாவுக்கு ஐம்பத்து மூன்றாம் நாளில் எல்லாம் முடிந்தது என்று கோப்பில் இருக்கிறது.

ஓராண்டு கழித்து நான் பேசியபோது அந்தப் பையனே கேட்டார். “அந்த அறுபது இப்போது எவ்வளவு, அக்கா?” நல்ல கேள்வி. என் பத்துக் கோடுகளில் முதல் ஆண்டைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால், பின்னர் ஐந்தாண்டைத் தொடுகிறவர்கள் ஆறுக்கு ஐந்து, அதாவது எண்பத்து மூன்று. அறுபத்தேழு என்பது முதல் நாளில் நிற்கிறவர்களுக்கான எண், ஓராண்டைக் கடந்தவருக்கு அது பொருந்தாது. இந்த நோயில் திரும்ப வருவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் என்பதால் கடந்த ஒவ்வொரு ஆண்டும் கணக்கை மாற்றுகிறது. ஆனாலும் எண்பத்து மூன்றும் ஒரு கூட்டத்தின் எண்தான் என்றும் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வருவதை விட வேண்டாம் என்றேன்.

போன வாரம் மூன்றாம் ஆண்டு அழைப்பு. போனை எடுத்தது அந்த அம்மாவே. பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். “யாரும்மா? பாண்டியிலிருந்தா? இரும்மா, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்” என்றார். கோப்பில் அன்றைய தேதியை எழுதி, நிலை: உயிருடன், தகவல் தந்தவர்: நோயாளி என்று குறித்துவிட்டு, அவர் வரும்வரை காத்திருந்தேன்.