சுவரிலிருந்து தொங்கிய கேபிள்

மதுரையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் நடந்தது. மாடி அறைச் சுவரில், சுவிட்ச் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. அதிலிருந்து நீல நிற நெட்வொர்க் கேபிள் ஒரு முழம் வெளியே தொங்கியது. நுனியில் ஆர்ஜே-45 பிளக்கைக் கிரிம்ப் செய்து, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தி, நேராகக் கணினியில் மாட்டியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. மேசையைச் சற்று நகர்த்திய பிறகு வேகம் 1000 எம்பிபிஎஸ்-இலிருந்து 100-க்கு இறங்கிவிட்டது. "தம்பி, இன்டர்நெட் வருகிறதே, கேபிளில் என்ன கோளாறு இருக்க முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

100 வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால், பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்குகள் உள்ள கேபிள் டெஸ்டரை மாட்டினேன். எட்டாவது விளக்கு எரியவில்லை. பிளக்கை விரலால் அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது.

சுவருக்குள் போகும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செம்பு. கணினிக்கும் சுவருக்கும் இடையே மாட்டும் பேட்ச் கார்டில் பெரும்பாலும் மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பி இருக்கும். அதனால்தான் அது வளைந்து கொடுக்கிறது. கிரிம்ப் செய்யும்போது பிளக்கின் பல் உறையைக் குத்திக்கொண்டு இறங்கும். இழைக் கம்பியென்றால் பல் இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும். ஒற்றைக் கம்பியில் புக வழியில்லை. பக்கவாட்டில் வழுக்கி, ஒரு ஓரத்தை மட்டும் உரசியபடி நிற்கும். ஒற்றைக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் பற்கள் உள்ள பிளக்குகளும் கிடைக்கின்றன. ஆனால் கடையில் "ஆர்ஜே-45 கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது.

முதலில் நான் செய்ததும் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டதுதான். மூன்று மாதத்தில் மறுபடி அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு சென்டிமீட்டர் கேபிள் போகிறது. அதைவிட, அந்தக் கேபிள் தினமும் அசைக்கப்படுகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை.

இரண்டாம் முறை சுவரில் பெட்டி பதித்து, பிளக்கைச் செருகும் துளையுள்ள கீஸ்டோன் ஜாக்கை வைத்து, அங்கிருந்து கணினிக்குப் பேட்ச் கார்டு மாட்டினேன். ஜாக்கில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பிளவு உண்டு. பஞ்ச் டவுன் டூலால் அழுத்தினால், பிளவின் இரு பக்கத் தகடுகளும் உறையை வெட்டிச் செம்பை இருபுறமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கம்பியின் உறையை நாம் உரிக்கக் கூடாது. ஜோடியின் முறுக்கைப் பிளவு வரை கொண்டுபோக வேண்டும். அவிழ்க்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. விரல்களுக்கு நேரான கம்பிதான் வசதி என்பதால் தொழில் பழகும்போது எல்லோரும் தாராளமாக அவிழ்ப்போம். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஜோடிகளுக்கிடையே குறுக்கீடு மட்டும் கூடியிருக்கும்.

டூலின் வெட்டும் முனை வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் முதல் ஜாக்கில் அதைத் திருப்பிப் பிடித்து, உள்ளே போகவேண்டிய கம்பியை வெட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டை அழகாகப் பதித்திருக்கிறேன். டூல் இல்லையென்று ஸ்க்ரூடிரைவரால் அழுத்துகிறவர்களும் உண்டு. பிளவு அகன்றுபோனால் பிடிமானமும் போய்விடும். ஜாக்கின் பக்கத்தில் ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசைகள் அச்சிட்டிருக்கும். எதை எடுத்தாலும் கேபிளின் மறுமுனையிலும் அதுவே இருக்கவேண்டும். பெட்டிக்குள் ஒரு சாண் கேபிளை வளையமாக விட்டு வைத்தால், ஜாக் பழுதானாலும் வெட்டி மறுபடி பதிக்கலாம்.

அதே வீட்டு வாசலில் கேமரா வைத்தபோது ஜாக் வைக்கவில்லை. கேமராவின் பின்னால் இருந்த சிறு பெட்டியில் ஜாக்குக்கும் பேட்ச் கார்டுக்கும் இடமே கிடையாது. வெயிலிலும் மழையிலும் இன்னொரு இணைப்பு இருந்தால் ஈரம் புக இன்னொரு வாய். மாட்டிய பிறகு அந்தக் கேபிளை யாரும் தொடப்போவதில்லை. எனவே ஒற்றைக் கம்பிக்கான பிளக்கைத் தேடி வாங்கி நேராகக் கிரிம்ப் செய்தேன். கூரையில் பதிக்கும் வைஃபை கருவிக்கும் இதையே செய்கிறேன். பைப்புக்குள் கேபிளை இழுத்து முடித்த பிறகே பிளக் போடுவேன். பிளக்கோடு இழுத்தால் வளைவில் சிக்கும், கொக்கி உடையும்.

ஒரு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது ஆசிரியர் மேசையை எதிர்ச்சுவருக்கே மாற்றியிருந்தார். பேட்ச் கார்டின் கொக்கி உடைந்ததாம். கடையில் நீளமாக ஒன்று வாங்கி அவரே மாட்டிக்கொண்டார். ஜாக்கில் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். எட்டு விளக்கும் எரிந்தன.